ரிலே: சுழலும் வட்டும் கணக்கிடும் பெட்டியும்

துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் யாரைக் கேட்டாலும் 'ரிலே' என்றுதான் சொல்வார்கள். இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வேட்டையின்போது களைத்த நாய்களுக்கும் குதிரைகளுக்கும் பதிலாக, வழியில் புதியவற்றை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டுக்கு அப்பெயர். தந்திக் காலத்தில் அது மின்னியலுக்குள் நுழைந்தது. நெடுந்தொலைவு ஓடித் தளர்ந்த மின்னோட்டம் ஒரு சிறு காந்தத்தை இழுக்கும். அந்த இழுப்பு இன்னொரு மின்கலத்தின் சுற்றை மூடும். செய்தி புதிய வலுவோடு அடுத்த கட்டத்துக்குப் போகும். அந்தப் பொருளுக்குத் தமிழில் 'அஞ்சல்' அழகாகவே பொருந்துகிறது. வானொலியின் 'டெல்லி அஞ்சல்', விளையாட்டுத் திடலின் 'அஞ்சல் ஓட்டம்' ஆகிய இரண்டிலும் உள்ள பொருள் அதுதான்.

மின்பாதுகாப்பில் இருக்கும் ரிலே வேறு வேலை செய்கிறது. அது எதையும் வாங்கிக் கடத்துவதில்லை. மின்னோட்டத்தை அளக்கிறது, பழுது உண்டா என்று முடிவெடுக்கிறது, பிறகு மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கருக்குத் திறக்கும் ஆணையைக் கொடுக்கிறது. ஆகவே இங்கே 'அஞ்சல்' போதாது. கலைச்சொல்லாக வழங்கும் 'உணர்த்தி' பொருத்தமானது. 'காப்புணர்த்தி' என்றால் இன்னும் தெளிவு. உணர்வதும் உணர்த்துவதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. களத்தில் ரிலே என்ற சொல் நிலைத்துவிட்டதால், இக்கட்டுரையிலும் அதையே எழுதுகிறேன்.

இங்கே பார்க்கப்போகும் இரண்டு வகைகளுள் மூத்தது தூண்டல் வட்டு ரிலே, இளையது எண்முறை ரிலே. இந்தியத் துணைமின் நிலையங்களில் பல பத்தாண்டுகளாக நின்ற CDG வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணாடி முகப்பு வழியே உள்ளே பார்த்தால், கிடையாக நிற்கும் மெல்லிய அலுமினியத் தட்டு தெரியும். அதன் விளிம்பு ஒரு மின்காந்தத்தின் இடைவெளிக்குள் நுழைந்திருக்கும். மின்காந்தம் ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்திய இரண்டு காந்தப் பாயங்களை உண்டாக்குகிறது. அவை வட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, வட்டு திரும்பத் தொடங்குகிறது. வீட்டுச் சுவரில் சுழன்றுகொண்டிருந்த பழைய மின்மீட்டரின் தட்டும் இதே தத்துவத்தில்தான் ஓடியது. மீட்டரின் வட்டு ஓயாமல் சுற்றும். ரிலேயின் வட்டை ஒரு சுருள்வில் பிடித்துவைத்திருப்பதால், மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் மட்டுமே அது நகரும். ஓடும் வட்டை ஒரு நிலைக்காந்தம் தடுத்து மெதுவாக்குகிறது. வட்டோடு திரும்பும் தொடுமுனை எதிரே நிற்கும் முனையைத் தொட்டதும் பிரேக்கர் திறக்கிறது, ரிலேயின் முகப்பில் சிறு கொடி விழுகிறது.

இதில் மனிதர் கைவைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பிளக். எத்தனை ஆம்பியரில் வட்டு அசைய வேண்டும் என்பதை, ஒரு செருகியைத் துளை மாற்றிச் செருகி நிர்ணயிப்பது. மற்றொன்று நேரப் பெருக்கி. வட்டு எந்த இடத்திலிருந்து புறப்பட வேண்டும், அதாவது எவ்வளவு தூரம் ஓடித் தொட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். மின்னோட்டம் கூடக் கூட வட்டின் வேகம் கூடும், நேரம் குறையும். இரும்பு உள்ளகம் செறிவடைவதால் ஓர் அளவுக்குமேல் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. இந்த நடத்தையைப் பன்னாட்டுத் தரம் பின்னாளில் ஒரு சூத்திரமாக எழுதிவைத்தது:

```
t = TMS × 0.14 / ((I/Is)^0.02 − 1)
```

இதில் Is பிளக்கில் வைத்த அளவு, I பாயும் மின்னோட்டம், TMS நேரப் பெருக்கி.

துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒரு 11 கிலோவோல்ட் பீடரை எடுத்துக்கொள்வோம். மின்னோட்ட மாற்றியின் விகிதம் 200/1, அதாவது பீடரின் 200 ஆம்பியர் ரிலேக்கு 1 ஆம்பியராக வரும்; பிளக் 100 சதவீதம். எனவே 200 ஆம்பியரே வரம்பு. பீடரில் 2000 ஆம்பியர் பழுது வந்தால் அது வரம்பின் பத்து மடங்கு. சூத்திரப்படி ஏறத்தாழ 3 நொடி. நேரப் பெருக்கியை 0.1 என்று வைத்தால் 0.3 நொடியில் ட்ரிப் ஆகும், அதாவது பிரேக்கருக்குத் திறக்கும் ஆணை போகும். இந்தப் பீடருக்கு மேலே, எல்லாப் பீடர்களும் பிரியும் பொதுக் கடத்தியான பஸ்ஸுக்கு மின்சாரம் கொண்டுவரும் இன்கமரின் வரம்பு 400 ஆம்பியர் என்று கொள்வோம். அதே 2000 ஆம்பியர் அங்கே ஐந்து மடங்கு. சூத்திரம் தரும் நேரம் 4.28 நொடி. கீழே உள்ள ரிலே வேலையை முடிக்கும்வரை இது பொறுத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? வட்டு ரிலேக்களுக்கு வழக்கமாக 0.4 நொடி இடைவெளி விடுவார்கள். பிரேக்கர் திறக்கும் நேரம், இரண்டு ரிலேக்களின் பிழை, சிறிது பாதுகாப்பு ஓரம் ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் அடங்கியிருக்கிறது. பழுது நீங்கிய பின்னும் வட்டு உடனே நிற்காது. வேகமெடுத்த அலுமினியம் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தானே முன்னால் உருளும். அந்த உருளலில் தொடுமுனை தொட்டுவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் பீடர்களும் சேர்ந்து இருளும். ஆக, இன்கமருக்கு 0.7 நொடி வேண்டும்; நேரப் பெருக்கி சுமார் 0.164. வட்டு ரிலேயின் அளவுச் சக்கரத்தில் 0.164 என்று கோடு கிடையாது. கண்ணால் மதிப்பிட்டு வைத்து, மின்னோட்டம் செலுத்தி, நேரம் அளந்து, மறுபடி நகர்த்தித்தான் அந்த இடத்துக்கு வரமுடியும்.

எண்முறை ரிலேக்கு இப்போது வருவோம். 'டிஜிட்டல்' என்பதையும் 'நியூமெரிக்கல்' என்பதையும் பலர் ஒன்றாகவே வழங்குகிறார்கள். பாதுகாப்புத் துறையில் டிஜிட்டல் ரிலே என்பது நுண்செயலியை முதன்முதலாக ஏற்ற தலைமுறை. நியூமெரிக்கல் அதன் வளர்ந்த வடிவம்: அளப்பது, முடிவெடுப்பது எல்லாமே அங்கு எண்கணக்கு. 1969இல் ஜார்ஜ் ராக்கஃபெல்லர், கணினி வழியே பழுதுப் பாதுகாப்பு செய்யலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1984இல் எட்மண்ட் ஷ்வைட்சரின் SEL-21 விற்பனைக்கு வந்தது. டிஜிட்டலுக்கு 'இலக்கமுறை ரிலே', நியூமெரிக்கலுக்கு 'எண்முறை ரிலே' என்று பிரித்து வழங்கினால் குழப்பம் வராது. இன்று பேனல்களில் ஏறுவது எண்முறைதான்.

உள்ளே நடப்பது இது. மின்னோட்டம் ஒரு சிறு மாற்றியில் குறைக்கப்பட்டு, உயர் அதிர்வெண்கள் வடிகட்டப்பட்டு, ஒரு சுழற்சிக்குப் பலமுறை மாதிரி எடுக்கப்படுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. அதில் 20 மாதிரி என்றால் ஒரு மில்லிநொடிக்கு ஓர் எண். அந்த எண்களிலிருந்து அடிப்படை அதிர்வெண்ணின் அளவு கணக்கிடப்படுகிறது. பிறகு அதே சூத்திரம். ஆனால் பழுதின்போது மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்குமே? இந்த மின்னோட்டத்துக்கு உரிய மொத்த நேரத்தில், கடந்த மில்லிநொடி எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கை ஒரு கூட்டுத்தொகையில் சேர்த்துக்கொண்டே போகிறது. தொகை 1 ஆனதும் ட்ரிப். வட்டு எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் அந்தத் தொகை சொல்கிறது. அலுமினியம் இல்லாததால் கணிசமான உருளல் இல்லை. இடைவெளியை 0.3 நொடியாகக் குறைக்கலாம். நம் இன்கமருக்கு 0.6 நொடி போதும், விசைப்பலகையில் 0.14 என்று தட்டினால் முடிந்தது.

எண்முறை ரிலே கூடுதலாகத் தருவனவற்றில் நான் முதலில் வைப்பது பதிவு. வட்டு ரிலேயில் விழுந்த கொடி எந்த பேஸ் என்று மட்டும் சொல்லும். எண்முறை ரிலே பழுதின் அலைவடிவத்தையே சேமித்துவைக்கிறது. முதலில் ஒரு பேஸ் பூமியைத் தொட்டதா, எத்தனை சுழற்சிக்குப் பின் அடுத்த பேஸும் சேர்ந்தது, பிரேக்கர் ஆணை பெற்ற எத்தனை மில்லிநொடியில் திறந்தது என்பதெல்லாம் தெரியும். சென்ற ஆண்டு 60 மில்லிநொடியில் திறந்த பிரேக்கர் இப்போது 90 எடுத்துக்கொண்டால், அதைப் பிரித்துப் பார்க்கும் வேளை வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, தன்னைத்தானே கண்காணிப்பது. வட்டு ரிலேயின் பழுது வெளியே தெரியாது. தாங்குமுனையில் தூசி படியலாம், காந்த இடைவெளியில் இரும்புத்துகள் ஒட்டலாம், தொடுமுனை கறுத்துப்போகலாம். அடுத்த சோதனை வரை அது சும்மா நிற்கும். சோதனையில் இருமடங்கு மின்னோட்டம் செலுத்தி, நேரப் பெருக்கி 1இல் 10 நொடி வருகிறதா என்று பார்ப்பார்கள். பத்து மடங்கில் நேரம் சரியாக இருந்து, இருமடங்கில் மட்டும் நீண்டால் உராய்வைச் சந்தேகிக்க வேண்டும். குறைந்த விசையில்தான் உராய்வு தன் வேலையைக் காட்டும். எல்லா மடங்குகளிலும் வேகமாக ஓடினால் தடுக்கும் காந்தம் வலுவிழந்திருக்கலாம். எண்முறை ரிலே தன் நினைவகத்தையும் மின்வழங்கியையும் இடைவிடாமல் சரிபார்த்து, கோளாறு கண்டால் ஒரு தொடுமுனையை விடுவித்து மணியடிக்கிறது. ஆனால் அந்தக் கண்காணிப்புக்கு எல்லை உண்டு. தவறாகத் தட்டிய செட்டிங்கும், ஒட்டிக்கொண்ட வெளியீட்டுத் தொடுமுனையும் அதன் கண்ணில் படுவதில்லை. பேட்டரியின் நேர்மின்சாரம் போனால் பெட்டி முழுவதும் அணைந்துவிடும். வட்டுக்குச் சுழல அந்த மின்சாரம் தேவையில்லை என்றாலும், பிரேக்கரின் ட்ரிப் சுருளுக்குத் தேவை என்பதால் அங்கும் பெரும்பாலும் பயனில்லை.

பழைய வட்டை எடுத்துவிட்டு எண்முறை ரிலே வைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது மீள்நேரத்தை. பழுது நின்றதும் வட்டு வில்லின் இழுப்பில் மெல்லத்தான் திரும்பிவரும். நேரப் பெருக்கி 1இல் முழுத் தூரமும் வர ஏறக்குறைய 10 நொடி, பெருக்கி குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். எண்முறை ரிலேயின் கூட்டுத்தொகையோ, மீள்நேரம் சுழி என்று வைத்திருந்தால், அந்தக் கணமே அழிந்துவிடும். ஈரம் புகுந்த கேபிள் மூட்டில் இது விளையாட்டல்ல. அங்கே பழுது 0.1 நொடி பொறிந்து, 0.1 நொடி அடங்கி, மறுபடி பொறியும். நம் எடுத்துக்காட்டில் பீடருக்கு எண்முறை ரிலே வந்துவிட்டது, இன்கமரில் இன்னும் வட்டுதான் என்று வையுங்கள். பொறியும் மின்னோட்டம் அதே 2000 ஆம்பியர். பீடர் ரிலே மூன்றில் ஒரு பங்கு ஏறும், அடங்கியதும் சுழிக்கு விழும். எத்தனை முறை பொறிந்தாலும் ட்ரிப் ஆகாது. இன்கமரின் வட்டோ ஒவ்வொரு பொறிக்கும் தன் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு முன்னேறி, அடங்கும்போது பதினாறில் ஒரு பங்கு மட்டுமே பின்வாங்கும். பன்னிரண்டு பொறிகளுக்குள் தொடுமுனை தொட்டு, பழுதே இல்லாத பீடர்களும் சேர்ந்து பஸ் முழுவதும் இருண்டுவிடும். பதிவைத் திறந்தால், பீடர் ரிலேயில் தொடக்கம், முடிவு, தொடக்கம், முடிவு என்று வரிசையாக நிற்கும். ட்ரிப் மட்டும் இருக்காது. பீடர் ரிலேயின் மீள்நேரத்தை 0.5 நொடி என்று வைத்தால் கூட்டுத்தொகை இடைவெளியிலும் அழியாமல் நிற்கும். மூன்றாவது பொறியிலேயே, முதல் பொறியிலிருந்து அரை நொடியில், பழுதான பீடர் மட்டும் விலகும்.