தவணை தவறி வண்டியை எடுத்துவிட்டார்களா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கடன் ஒப்பந்தத்தில் வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தால், தவணை தவறியதும் ஃபைனான்ஸ் நிறுவனம் வண்டியை எடுக்கலாம். பொதுவாக அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. நோட்டீஸ் வரவில்லை என்பதாலேயே எடுத்தது செல்லாது என்றும் பலர் நம்பியிருக்கிறார்கள். ஒப்பந்தம் நோட்டீஸ் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றே 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே முதல் வேலை, ஒப்பந்த நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குவது. கிளை அலுவலகத்தில் 'தலைமை அலுவலகத்தில் இருக்கிறது' என்பார்கள், விடாதீர்கள்.

எடுக்கும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. ஒரு சரக்கு ஆட்டோக்காரருக்கு இரண்டு தவணை பாக்கி. மூன்று பேர் நடுச்சாலையில் மறித்துச் சாவியைப் பிடுங்கினார்கள். தக்காளிக் கூடைகளை இறக்க வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்று ஒரு தாளை நீட்டினார்கள். 'வண்டியை நானே மனமுவந்து ஒப்படைக்கிறேன்' என்று அதில் அச்சிட்டிருந்தது. அவர் படிக்காமலே போட்டுக் கொடுத்தார். பிறகு அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் அந்த ஒரு வரியைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

மிரட்டியோ ஆள்பலத்தாலோ வண்டியைப் பறிக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. அப்படிப் பறித்தால், தவணை பாக்கி இருந்தாலும் அது பிறர் பொருளில் முறைகேடாகத் தலையிடுவதுதான். கூடைகளோ கடனில் சேர்ந்தவையே அல்ல. வண்டியை எடுத்தது சரியாகவே இருந்தாலும், கேட்ட பிறகும் அவற்றைப் பிடித்து வைப்பது தவறு. உள்ளே இருந்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, திருப்பித் தரும்படி அன்றே மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்பார்கள். கடன் சிவில்தான், அடிதடி அப்படியல்ல. மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விற்பதற்கு முன் பணம் கட்டிமுடிக்கக் கடைசி வாய்ப்புத் தர வேண்டும், அது ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த வாய்ப்பைத் தராமல் விற்கப் பார்த்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். நிறுவனத்துக்கு எழுதி, பதில் வராவிட்டால் 30 நாள் காத்திருந்த பிறகே cms.rbi.org.in தளத்தில் புகார் செய்ய முடியும். அதற்குள் வண்டி ஏலம் போய்விடும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்கலாம். அங்கே வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆணையத்தில் எதிர்த் தரப்பு 'இது வணிக வாகனம், இவர் நுகர்வோரே அல்ல' என்று வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக நானே ஓட்டும் வண்டி என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.