பாலையடிக்குப் போக வேண்டிய பொதி பளைக்குப் போன கதை

கிளிநொச்சியில் ஒரு கூரியர் கிளையில் பொதி பிரித்து ஏற்றும் வேலை எனக்கு. 'முகவரியைத் தமிழில எழுதுறதோ, இங்கிலீசில எழுதுறதோ?' என்று கவுண்டரில் கேட்காத நாளில்லை. போன மாதம் வந்த ஒரு பொதியை வைத்துச் சொன்னால் விளங்கும்.

கொழும்பிலிருந்து மகன் அம்மாவுக்கு அனுப்பிய மிக்சி. ஒட்டியிருந்த தாளில் இவ்வளவுதான்:

```
No. 214, Palai Adi Lane, Kilinochchi
```

அவர் மனதில் இருந்தது வட்டக்கச்சியில் உள்ள பாலையடி ஒழுங்கை. கொழும்பில் பொதி பிரிக்கிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. Palai என்றதையும் Kilinochchi என்றதையும் பார்த்தவர் பளை என்று எடுத்துக்கொண்டார். பளையும் கிளிநொச்சி மாவட்டம்தானே, அவரைக் குறை சொல்ல முடியாது. மிக்சி ஆனையிறவைத் தாண்டிப் போய் இரண்டு நாள் கிடந்துவிட்டுத் திரும்பி எங்களிடம் வந்தது.

எங்கள் பொடியன் முல்லைத்தீவுப் பக்கத்தவன், வேலைக்குப் புதுசு. அவன் அதைப் 'பழையடி' என்று வாசித்தான். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே l தான். A குறிலா நெடிலா என்றும் தெரியாது. Palai என்பதைப் பாலை, பளை, பழை, பாளை எப்படியும் வாசிக்கலாம். சந்திக் கடையில் நின்று "பழையடி ஒழுங்கை எது ஐயா?" என்று கேட்டிருக்கிறான். "அப்பிடி ஒண்டும் இஞ்ச இல்லைத் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். பாலைமரத்தடி என்று கேட்டிருந்தால் சின்னப்பிள்ளையே கை காட்டியிருக்கும்.

அப்போ தமிழில் மட்டும் எழுதினால் சரியா? இல்லை. முழுக்கத் தமிழில் வந்தால் கொழும்பிலேயே 'பிறகு பார்ப்பம்' என்று ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒரே தாளை இரண்டு வகை ஆட்கள் வாசிக்கிறார்கள். முதல் ஆளுக்கு ஊரும் நகரமும் மாவட்டமும் தெரிந்தால் போதும், அது ஆங்கிலத்தில் இருக்கட்டும். கடைசி ஆளுக்கு ஒழுங்கையும் படலையும் தெரிய வேண்டும், அது தமிழில் இருக்கட்டும். ஒன்றை மற்றதாக மொழிபெயர்க்கவும் வேண்டாம். குளக்கட்டு வீதியை Tank Bund Road என்று மட்டும் எழுதினால், வழியில் நிற்கிற ஆச்சியிடம் அதைச் சொல்லிக் கேட்க முடியாது.

அந்த மிக்சித் தாள் இப்படி வந்திருக்கலாம்:

```
No. 214, Paalaiyadi Lane,
Vaddakachchi, Kilinochchi
வட்டக்கச்சி, பாலையடி ஒழுங்கை,
பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வாய்க்கால் கரை
```

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பெயர்ப்பலகையில் உள்ளபடி எழுதுங்கள். சொந்தமாக எழுத்துக்கூட்டி Vattakkacci என்று போட்டால், கணினியில் தேடுகிறவருக்கு அது அகப்படாது. ஒழுங்கைப் பெயரில் மட்டும் aa, ee போட்டு நெடிலைக் காட்டலாம். அதற்கு யாரும் பட்டியல் வைத்திருப்பதில்லை. குடியேற்றத் திட்டக் கிராமங்களில் 214-க்குப் பக்கத்தில் 215 இருக்கும் என்று நம்ப வேண்டாம், எத்தனையோ இடத்தில் இலக்கம் வரிசையில் இல்லை. அதனால்தான் வாய்க்கால், கோயில், சந்தி என்று ஒரு அடையாளம் கேட்கிறோம். கடை மாறும், மதில் நிறம் மாறும். கோயிலும் வாய்க்காலும் லேசில் மாறாது.

இன்னொரு கூத்து இருக்கிறது. சிலர் தமிழை பாமினி எழுத்துருவில் தட்டி, மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அச்செடுத்தால் கிளிநொச்சி இப்படித்தான் வரும்:

```
fpspnehr;rp
```

முதல் தடவை பார்த்தபோது ஏதோ ரகசியக் குறி என்றுதான் நினைத்தேன். யுனிகோடில் தட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் சில அச்சு இயந்திரங்களில் அதுவும் வெறும் பெட்டிகளாகத்தான் விழும். எங்கள் கிளைக்கு வருகிற பொதிகளில் தமிழ் வரி ஒழுங்காக வந்து சேர்வது பெரும்பாலும் பேனாவால் பெட்டியின் மேல் எழுதியபோதுதான். மழைக்காலத்தில் மை கரையும். மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

தொலைபேசி இலக்கம் போட்டால் முகவரி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வயலுக்குள் நிற்கிற அம்மாவுக்கு சிக்னல் இருக்காது, இருந்தாலும் தெரியாத இலக்கத்தை எடுக்கமாட்டா. பொடியன் இரண்டு தரம் அடித்துப் பார்ப்பான், பிறகு பொதியைத் திருப்பிக் கொண்டுவருவான். அந்த மிக்சியைக் கடைசியில் கொடுத்தது, மகனே அம்மாவின் பக்கத்து வீட்டு இலக்கத்தை எடுத்துத் தந்த பிறகுதான். போய்ப் பார்த்தால் முதல் நாள் பொடியன் விசாரித்த கடைக்குப் பின்னால்தான் வீடு.