நூடுல்ஸில் மிதப்பது மெழுகா?

உடனடி நூடுல்ஸின் இழைகள் ஒட்டாமலிருக்க மெழுகு பூசுகிறார்கள் என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. உணவுத் தொழில்நுட்பத் துறையில் இருப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அண்மையில் ஒரு தாய், முந்தைய இரவு மிஞ்சிய நூடுல்ஸை டிபன் பாக்ஸோடு கொண்டுவந்து காட்டினார். குளிர்பெட்டியில் இருந்ததால் குழம்பின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்திருந்தது. சுரண்டினால் செதிலாக வந்தது. "இது மெழுகில்லாமல் வேறென்ன?" என்று கேட்டார்.

அது பாமாயில். பாமாயில் ஏறத்தாழ 35 டிகிரியில் உருகும். அடுப்பிலிருந்து இறக்கியதும் எண்ணெய்த் துளிகளாக மிதக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வெண்மையாக உறைந்துவிடும். மெழுகுவர்த்தியின் பாரஃபின் உருகுவதற்குப் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கரண்டியில் அந்த வெள்ளை ஆடையையும் இன்னொன்றில் மெழுகுவர்த்திச் சுரண்டலையும் எடுத்து, 45 டிகிரி அளவுக்கு, கைபொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் கரண்டிகளின் அடிப்பாகம் நனையும்படி பிடியுங்கள். ஆடை சற்று நேரத்தில் எண்ணெயாகிவிடும். மெழுகு அப்படியே இருக்கும். அவர் எதிரிலேயே இதைச் செய்து காட்டினேன்.

அந்த எண்ணெய் வந்த வழியில்தான் இழைகள் ஒட்டாததற்கான விடையும் இருக்கிறது. மைதா, உப்பு, நீர், சிறிதளவு காரச் சேர்மங்கள் ஆகியவற்றைப் பிசைந்து, உருளைகளுக்கிடையே மெல்லிய தகடாக்கி, இழைகளாக வெட்டுகிறார்கள். வெட்டும் வேகத்தைவிட அடியிலுள்ள பட்டை மெதுவாக நகர்வதால் இழைகள் குவிந்து அலையலையாக வளைகின்றன. அந்த நெளிவு அழகுக்காக மட்டும் அல்ல. நேரான இழைகள் நீளம் முழுக்க ஒன்றையொன்று தொடும்; நெளிந்தவை ஆங்காங்கே மட்டும் தொட்டுக்கொண்டு, நடுவில் இடைவெளி விடும்.

பிறகு சில நிமிடங்கள் நீராவியில் வேகவைக்கிறார்கள். மாவுச்சத்து வெந்து இறுகுகிறது, வெளிப்பரப்பு பிசுபிசுக்கிறது. ஒட்டும் ஆபத்து அதிகம் உள்ள கட்டம் இதுதான். சில ஆலைகளில் இங்கே நீர் தெளித்து இழைகளைத் தளர்த்துவார்கள். அடுத்து மூடியுள்ள உலோக அச்சில் அடைத்து, 140 முதல் 160 டிகிரி வரையுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடங்கள் பொரிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஈரம் இருந்த இழையில், வெளியே வரும்போது ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது. நீர் ஆவியாகச் சீறி வெளியேறுவதால் இழைக்குள் நுண்துளைகள் உண்டாகின்றன; எண்ணெய் அவற்றில் புகுந்து, மேற்பரப்பிலும் மெல்லியதாகப் படிகிறது. காய்ந்து விறைத்த பரப்பு, எண்ணெய்ப் படலம், நெளிவு தந்த இடைவெளி, இந்த மூன்றும் சேர்ந்தே இழைகளைப் பிரித்து வைக்கின்றன. பொரிக்காமல் சூடான காற்றில் உலர்த்தும் வகைகளும் உண்டு. அவற்றில் எண்ணெய் மிகக் குறைவு. ஆனாலும் இழைகள் தனித்தனியாகவே பிரிகின்றன.

மெழுகு பூசியிருந்தால் என்ன ஆகும்? பொரிக்கும் சூட்டில் அது உருகி எண்ணெயோடு கலந்துவிடும். பொரித்த பிறகு பூசினாலோ, துளைகளை அடைத்து நீர் உள்ளே போகவிடாது. இரண்டே நிமிடத்தில் நூடுல்ஸ் வேகிறதென்றால் அந்தத் துளைகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். கப் நூடுல்ஸின் காகிதக் கோப்பைக்குள் பளபளக்கும் பூச்சும் மெழுகு அல்ல, பாலிஎத்திலீன்.

பாக்கெட்டின் பின்புறத்திலுள்ள சேர்பொருள் எண்களையும் பாருங்கள். 501 என்பது பொட்டாசியம் கார்பனேட். அந்தக் காரம் மாவை இறுக்கி மஞ்சள் சாயலும் தருகிறது. 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. உணவில் சேர்க்கும் மெழுகுகளுக்கு 901, 903, 905 என்று வேறு எண்கள் இருக்கின்றன.

மெழுகைப் போக்குவதாக நினைத்து முதல் கொதிநீரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கொட்டினால் கொஞ்சம் எண்ணெயும், மாவிலுள்ள உப்பில் ஒரு பகுதியும் போகும். ஆனால் உப்பின் பெரும்பகுதி மசாலாத் தூளில் இருக்கிறது. அந்தத் தூளைப் பிறகு முழுதாகச் சேர்த்தால் பயன் இல்லை; பாதித் தூளோடு நிறுத்துவதே பலன் தரும். 70 கிராம் பாக்கெட்டில் சுமார் 10 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய் இருக்கும். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. என் கவலை இவற்றைப் பற்றித்தான்; மெழுகைப் பற்றி அல்ல.

இன்னொன்று: கடை வாசலில் வெயில் படத் தொங்கும் பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். துளைகளிலுள்ள எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் விரைவில் சிக்குப் பிடிக்கும். பிரித்தவுடன் பழைய எண்ணெய் வாடை அடித்தால், காலாவதித் தேதி மீதமிருந்தாலும் சமைக்க வேண்டாம்.