இண்டெம்னிட்டி பாண்ட்: தமிழில் என்ன சொல்வது?

டிமாண்ட் டிராப்ட் தொலைந்துவிட்டது என்று வங்கிக்குப் போனால், “முத்திரைத்தாளில் ஒரு இண்டெம்னிட்டி பாண்ட் போட்டுக் கொண்டு வாங்க” என்பார்கள். நோட்டரி அலுவலக வாசலில் தட்டச்சு செய்பவரும் ஒரு மாதிரியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். கையெழுத்துப் போடுபவர்களில் பலர், டிராப்ட் தொலைந்தது உண்மை என்று சத்தியம் செய்து கொடுத்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். அது பிரமாணப் பத்திரத்தின் வேலை. நடந்தது இன்னது என்று சொல்வதோடு பிரமாணப் பத்திரம் நின்றுவிடும். இண்டெம்னிட்டி பாண்டோ இனிமேல் நடக்கக்கூடியதற்குப் பொறுப்பேற்கிறது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டாம்னம்’ என்றால் இழப்பு. முன்னால் ‘இன்’ என்ற எதிர்மறை சேர்ந்து ‘இன்டெம்னிஸ்’ ஆனது: இழப்புக்கு ஆளாகாதவர். டேமேஜ் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 124-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: தன் செயலாலோ வேறொருவர் செயலாலோ மற்றவருக்கு வரும் இழப்பிலிருந்து அவரைக் காப்பதாக ஒருவர் தரும் வாக்குறுதி. வேறொருவர் செயலாலும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு தவறும் செய்யாவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம்.

டிராப்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியின் பெயரில் 60,000 ரூபாய்க்கு எடுத்து அஞ்சலில் அனுப்புகிறீர்கள். போய்ச் சேரவில்லை என்கிறார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்து நகல் டிராப்ட் வாங்கி அனுப்புகிறீர்கள், கல்லூரியும் பணமாக்கிக்கொள்கிறது. பத்து நாள் கழித்துப் பழைய உறை வேறொரு பிரிவின் மேசையில் கிடைக்க, விவரம் தெரியாத ஊழியர் அதையும் கணக்கில் போட்டுவிடுகிறார். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிராப்டில் கணக்கில் மட்டுமே வரவு வைக்கும்படி கோடிட்டிருப்பார்கள். ஆகவே யாரோ ஒருவர் கவுண்டரில் காட்டி ரொக்கம் வாங்கிப்போகும் பயம் குறைவு. ஆனால் இந்தக் கல்லூரிக் கதையில் கணக்கும் சரி, பெயரும் சரி. பழைய டிராப்டை நிறுத்தச் சொல்லி வைத்த குறிப்பு எங்காவது விட்டுப்போயிருந்தால் வங்கி இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கும். அப்போது பத்திரத்தை எடுத்து உங்களிடம் 60,000 ரூபாய் கேட்கும். கல்லூரியிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது அப்புறம் உங்கள் பாடு.

இப்போது பத்திரத்தின் வாசகம் புரியும். டிராப்ட் கிடைத்தால் உடனே ஒப்படைப்பேன். அதற்கு யாரேனும் உரிமை கோரினால் வரும் இழப்பையும் வழக்குச் செலவையும் நான் ஈடு செய்வேன். இது என் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். இவ்வளவுதான் அதன் சாரம். சில அலுவலகங்கள் ஜாமீன்தார் கையெழுத்தும் கேட்கும். உறவினர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாத கையெழுத்து அது. நீங்கள் கட்டாவிட்டால் அவரிடம் கேட்பார்கள்.

எந்த அலுவலகம் கேட்கும் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. தொலைந்த தாள் வேறொருவர் கையில் கிடைத்தால் அதைக் காட்டிப் பணமோ உரிமையோ கேட்க முடியுமா? முடியும் என்று தோன்றினால் கேட்பார்கள். வைப்புநிதி ரசீதுக்கு வங்கி, காப்பீட்டுப் பாலிசிக்கு எல்.ஐ.சி., சேமிப்புச் சான்றிதழுக்கு அஞ்சலகம், தாளாக உள்ள பங்குச் சான்றிதழுக்கு நிறுவனத்தின் பங்குப் பதிவாளர் எல்லாம் இந்த வகை. அதுவே பதிவான கிரயப் பத்திரம் என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். அங்கே இருப்பது பதிவேட்டின் படிதானே, அதைக் கொடுப்பதால் அலுவலகத்துக்கு என்ன இழப்பு?

சரி, தமிழில் என்ன எழுதுவது? ‘இழப்பீட்டுப் பத்திரம்’ என்றால் நமக்கு இழப்பீடு கிடைக்கப்போவதுபோல் ஒலிக்கிறது. ‘உறுதிமொழிப் பத்திரம்’ பிரமாணப் பத்திரத்தோடு குழம்பும். ‘ஈட்டுப் பத்திரம்’ அடமானத்தைத்தான் நினைவூட்டும், ஏனென்றால் ஈடு என்ற சொல்லுக்கு அடகு என்றும் பொருள் உண்டு. ‘பிணைப் பத்திரம்’ ஜாமீன்தாரின் பக்கம் போய்விடுகிறது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘ஈட்டுறுதிப் பத்திரம்’. இழப்பை ஈடு செய்வேன் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கவுண்டரில் மட்டும் இண்டெம்னிட்டி பாண்ட் என்றே கேளுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

கையெழுத்துக்கு முன் தொகை எழுதும் இடத்தைப் பாருங்கள். டிராப்டின் எண்ணும் தேதியும் தொகையும் அதில் இருக்க வேண்டும். அந்த இடங்கள் வெறுமையாக இருந்தால், நிரப்பிய பிறகு போடுங்கள்.