டயப்பர் கசிகிறதா? பெரிய சைஸ் வாங்குவதற்கு முன் எடை போட்டுப் பாருங்கள்

வீடுகளுக்குச் சென்று முதியோரைக் கவனிக்கும் செவிலியராக நான் அடிக்கடி கேட்கும் புகார், இரவில் டயப்பர் கசிந்து படுக்கை நனைகிறது என்பதுதான். உறிஞ்சும் திறன் போதவில்லை என்று முடிவு கட்டி, பெரும்பாலான குடும்பத்தினர் அடுத்த சைஸை வாங்குகிறார்கள், அல்லது உள்ளே இன்னொரு பேடை வைக்கிறார்கள். இரண்டுமே பல நேரங்களில் கசிவைக் கூட்டுவதோடு தோலையும் கெடுக்கின்றன.

இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் படுக்கையில் இருந்த, எண்பது வயதைக் கடந்த மெலிந்த பாட்டி ஒருவருக்கு எக்ஸ்எல் டேப் டயப்பரும், அதனுள் ஒரு பேடும் வைத்திருந்தார்கள். அவருடைய பிட்டத்தின் அகன்ற பகுதியை நாடாவால் அளந்தபோது 88 செ.மீ. இருந்தது. பையில் அச்சிட்டிருந்த அளவோ 120 செ.மீ.-இல்தான் தொடங்கியது. அதனால் தொடைமடிப்பில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. காலையில் கழற்றிய டயப்பரை விரித்துப் பார்த்தால் முன்புறமும் நடுப்பகுதியும் ஊறியிருந்தன, பின்புறம் பாதிக்கு மேல் உலர்ந்தே கிடந்தது. உறிஞ்சும் இடம் மீதமிருக்கும்போதே பக்கவாட்டில் கசிந்தால் குறை திறனில் இல்லை, பொருத்தத்தில்தான் இருக்கிறது. முழுதும் ஊறி, அழுத்தினால் ஈரம் மேலே வரும் நிலையில் கசிந்திருந்தால் மட்டுமே அதிகத் திறனுள்ள வகையைத் தேட வேண்டும்.

உள்ளே வைத்த பேடுக்கும் அதே கதைதான். சாதாரணப் பேடின் அடிப்பக்கம் நீர் புகாத தாளால் ஆனது என்பதால், அது நிறைந்ததும் சிறுநீர் கீழே உள்ள டயப்பருக்கு இறங்காமல் விளிம்பு வழியாக வழிகிறது. டயப்பருக்குள் வைப்பதற்கென்றே அடித்தாள் இல்லாமல் வரும் பேடுகள் தனி.

அளவு சரியான எம் சைஸுக்கு மாற்றிய பிறகு, சமையலறைத் தராசில் எடை பார்க்கச் சொன்னேன். உலர்ந்த டயப்பர் 90 கிராம், இரவு பத்து மணிக்குக் கட்டிக் காலை ஐந்து மணிக்குக் கழற்றியது 690 கிராம். ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொண்டால் இரவுச் சிறுநீர் சுமார் 600 மில்லி. மலம் கலக்காத டயப்பரை இப்படி மூன்று இரவு எடை போட்டால், யாருக்கு எந்தத் திறன் தேவை என்பது பையின் விளம்பரத்தைவிடத் தெளிவாகத் தெரியும். ஏனெனில் பையில் குறிக்கும் மில்லி அளவு பெரும்பாலும் ஆய்வகத்தில் கண்ட உச்ச அளவு. உடல் எடை அழுத்தும்போது டயப்பர் அவ்வளவையும் தாங்குவதில்லை.

கட்டும் விதமும் முக்கியம். உள்விளிம்பில் இருக்கும் தடுப்பு மடிப்புகள் நிமிர்ந்து தொடைமடிப்பில் அமர வேண்டும். கீழ் டேப்புகளைச் சற்று மேல்நோக்கியும், மேல் டேப்புகளைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் காலைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் பிடிப்புக் கிடைக்கும். ஆண்களுக்கு ஆணுறுப்பைக் கீழ்நோக்கி வைக்காவிட்டால் எந்த விலை டயப்பரும் வயிற்றுப் பக்கம் கசியும். எழுந்து நடப்பவர்களுக்கு மட்டுமே பேன்ட் வகை வசதி.

அந்தப் பாட்டிக்கு இரண்டு விதமான தோல் பாதிப்புகள் இருந்தன, இரண்டையும் வீட்டார் படுக்கைப்புண் என்றே சொன்னார்கள். தொடைமடிப்பில் விளிம்பு தெளிவில்லாமல் பரவி எரிச்சல் தந்தது ஈரத்தால் வந்த புண்; சிறுநீரும் மலமும் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைப்பதால் வருவது. முதுகின் அடியில், எலும்பு துருத்தும் இடத்தில் இருந்த கரிய திட்டோ அழுத்தத்தால் வந்தது. வெளிர்ந்த தோலில் விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மங்காவிட்டால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். நம்மவர்களின் கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ ஊதா சாயலாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஈரப் புண்ணுக்கு, மலம் பட்டவுடன் மாற்றுவதும், காரமான சோப்பைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பதும், துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிய படலமாகத் தடவுவதும் போதுமானதாக இருந்தன. களிம்பைக் கனமாக அப்பினால் அது டயப்பரின் மேற்பரப்பை அடைத்து உறிஞ்சுவதைத் தடுக்கும். பவுடர் மடிப்புகளில் கட்டியாகி உராய்வதால் நான் அனுமதிப்பதில்லை.

அழுத்தப் புண்ணை எந்த டயப்பரும் தீர்க்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் அனுமதித்த பக்கமாகத் தலையணை முட்டுக் கொடுத்து லேசாகச் சாய்க்கச் சொன்னேன். நடு இரவில் திருப்பும் நேரத்திலேயே ஒரு டயப்பர் மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். காற்று மெத்தையின் மேல் விரித்திருந்த ரப்பர் விரிப்பையும் மடித்த புடவைகளையும் எடுத்துவிட்டு ஓர் அண்டர்பேடை மட்டும் போட்டோம். அடுக்குகள் கூடக் கூட மெத்தையின் பயன் குறையும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது வேறொரு பழக்கம். சிறுநீர் அடர்ந்து, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வர அது வழி செய்யும். தோல் உரிந்தாலோ, சிவந்த இடத்தைச் சுற்றிச் சிறு புள்ளிகள் சிதறினாலோ, கரிய திட்டில் கொப்புளம் கண்டாலோ, சீழ் வாடை வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிதறிய புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று என்பதால் அதற்குத் தனி மருந்து வேண்டும்.