வேன்கோமைசின்: அட்டவணையின் கடைசிக் கட்டம்

பார்மகாலஜி தேர்வு நெருங்கினால் மாணவிகள் எல்லார் கையிலும் ஒரு ஆன்டிபயாடிக் அட்டவணை இருக்கும். நான் வகுப்பில் எழுதிப்போடுவதும் அப்படி ஒன்றுதான். அதில் நான்கு வரிகள் மட்டும் இங்கே:

| வகை | எங்கே தாக்குகிறது | பக்கவிளைவு | நர்ஸ் கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| பென்சிலின் | பாக்டீரியாவின் செல் சுவர் | அலர்ஜி, அனாஃபிலாக்சிஸ் | முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்பது |
| வேன்கோமைசின் (கிளைகோபெப்டைடு) | செல் சுவர் | உடல் சிவந்து அரிப்பு, சிறுநீரக பாதிப்பு | மெதுவாக ஏற்றுவது, கிரியேட்டினின் |
| ஜென்டாமைசின், அமிகாசின் (அமினோகிளைகோசைடு) | ரைபோசோம், புரத உற்பத்தி | காது, சிறுநீரகம் | சிறுநீர் அளவு, காதில் இரைச்சல் உண்டா என்று கேட்பது |
| சிப்ரோஃப்ளாக்சசின் (ஃப்ளூரோகுவினோலோன்) | டிஎன்ஏ கைரேஸ் | தசைநாண் வலி, கிழிவு | பால், ஆன்டாசிட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் இருப்பது |

முதல் மூன்று கட்டங்களை ஒப்பிப்பார்கள். நான்காவதில் "மெதுவாக" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எவ்வளவு மெதுவாக என்று கேட்டால் பதில் வராது. வார்டில் ஆளைப் படுத்துவது அந்த ஒரு சொல்தான்.

நான் வார்டு சிஸ்டராக இருந்தபோது நடந்தது இது. சர்க்கரை நோயால் காலில் புண், கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ, முதல் டோஸ் வேன்கோமைசின் 1 கிராம். போஸ்டிங்கில் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி மருந்தைக் கரைத்து, கைக்கெட்டிய 100 மில்லி நார்மல் சலைன் பாட்டிலில் சேர்த்து, காலை 9 மணிக்கு மாட்டினாள். ரோலரைக் கிட்டத்தட்ட முழுக்கத் திறந்துவிட்டாள். 9.12க்கு ஓடி வந்தாள்: "சிஸ்டர், அந்தத் தாத்தா சொறிஞ்சுக்கிட்டே இருக்காரு, மூஞ்செல்லாம் செவந்து போச்சு."

போய்ப் பார்த்தால் முகம், கழுத்து, மார்பு மேல்பகுதி எல்லாம் சிவப்பு. ரத்த அழுத்தம் 130/80ல் இருந்து 104/60. நாடித்துடிப்பு 112. மூச்சில் வீசிங் இல்லை, உதடோ நாக்கோ வீங்கவில்லை, ஆக்சிஜன் 98. பாட்டிலில் 40 மில்லிதான் மிச்சம்.

கணக்கைப் பாருங்கள். 12 நிமிடத்தில் 60 மில்லி, அதாவது 600 மில்லிகிராம். நிமிடத்துக்கு 50. இந்த மருந்துக்கு உச்சவரம்பு நிமிடத்துக்கு 10 மில்லிகிராம். டோஸ் சிறியதானாலும் 60 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 500 மில்லிகிராம்தானே, 50 நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பது தவறு. கரைசலும் மில்லிக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மருந்து ஏறும் ரத்தக்குழாய் புண்ணாகும். 1 கிராமுக்கு 100 மில்லி பாட்டில் எடுத்தபோதே தப்பு தொடங்கிவிட்டது. 250 மில்லியில் கலந்து 100 நிமிடத்தில் ஏற்றினால் நிமிடத்துக்குச் சரியாக 10. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் அது நிமிடத்துக்கு 50 சொட்டு.

மருந்தை நிறுத்தினோம். ஐவி லைனை எடுக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்னபடி ஏவில் ஊசி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்தோம். அரை மணி நேரத்தில் சிவப்பு வடிந்தது. மீதி 400 மில்லிகிராமைச் சலைன் சேர்த்து 100 மில்லியாக்கி, 80 நிமிடத்தில் ஏற்றச் சொன்னார். நிமிடத்துக்கு 5 மில்லிகிராம், 25 சொட்டு. தாத்தா தூங்கிவிட்டார்.

இது பென்சிலின் அலர்ஜி மாதிரி அல்ல. அங்கே உடல் முன்பே பழகி ஆன்டிபாடி வைத்திருக்கும், அதனால் ஒரு துளிகூட ஆபத்து. இங்கே ஆன்டிபாடி இல்லை. வேகமாக ஏறும் மருந்து மாஸ்ட் செல்லை நேராகத் தூண்டி ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது. அதனால் முதல் டோஸிலேயே வரும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வராது. மார்ஃபினும் ஹிஸ்டமினைக் கொட்ட வைப்பதுதான், இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

ஆனால் அபூர்வமாக வேன்கோமைசினுக்கும் உண்மையான அனாஃபிலாக்சிஸ் வரும். வீசிங், தொண்டை அடைப்பு, பிபி மிகவும் சரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஏவிலை நம்பி நிற்கக் கூடாது. பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே.

மறுபடி கேஸ் ஷீட்டைப் பார்த்தபோது, மாணவி சிவப்பு மையில் "வேன்கோமைசின் அலர்ஜி" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி இருந்தால், அடுத்த முறை எம்ஆர்எஸ்ஏ வந்தாலும் இந்த மருந்தை யாரும் அவருக்குத் தரமாட்டார்கள். அதை அடித்து, கையெழுத்துப் போட்டு, கீழே எழுத வைத்தேன்: "வேகமாக ஏற்றியதால் உடல் சிவந்து அரிப்பு. நிமிடத்துக்கு 5 மில்லிகிராமில் மீதி மருந்து தொந்தரவில்லாமல் ஏறியது."