கண்பாவையை அளந்து மனிதனைக் கண்டுபிடிக்க முடியுமா?

'பிளேட் ரன்னர்' (1982) படத்தில், எதிரில் இருப்பவர் மனிதரா செயற்கை மனிதரா என்று கண்ணைப் பார்த்தே சொல்லும் கருவி ஒன்று வருகிறதே, நிஜத்தில் அப்படிச் செய்யலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி செய்யலாம். மீதிப் பாதி ஏன் முடியாது என்பதில்தான் அந்தப் படம் எழுப்பும் கேள்வியே இருக்கிறது.

படத்தில் செயற்கை மனிதர்களுக்கு ரெப்ளிகன்ட் என்று பெயர். வலிமையில் நம்மை மிஞ்சியவர்கள். அறிவில் தங்களைப் படைத்தவர்களுக்குச் சளைக்காதவர்கள். கணக்குக் கொடுத்தோ புதிர் போட்டோ அவர்களைப் பிடிக்க முடியாது. அதனால் வாய்ட்-காம்ப் என்ற சோதனை பரிவைக் குறிவைக்கிறது. பாலைவனத்தில் ஓர் ஆமை மல்லாந்து கிடக்கிறது, வெயிலில் வயிறு வேகிறது, நீ அதைப் புரட்டிவிடவில்லை, ஏன்? இப்படி ஒரு காட்சியைச் சொல்வார்கள். வாய் சொல்லும் பதில் பெரிதில்லை. கண்பாவை விரிகிறதா, முகத்தில் ரத்தம் ஏறுகிறதா என்றுதான் கருவி பார்க்கும்.

கண்பாவை உண்மையிலேயே உணர்ச்சிக்கு விரியும். அதைச் சுருக்க ஒரு தசை, விரிக்க ஒரு தசை. இரண்டும் நம் விருப்பத்துக்கு நேரடியாகக் கட்டுப்படாதவை. சிக்கல் அளவில் இருக்கிறது. வெளிச்சம் மாறினால் பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை போய்வரும். உணர்ச்சியால் வரும் மாற்றமோ பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. அறை வெளிச்சம் கொஞ்சம் ஆடினாலே அளவீடு கெட்டுவிடும். படத்தில் சோதனை தொடங்கும் முன் துப்பறிபவர் டெக்கார்ட், "இங்கே வெளிச்சம் அதிகம்" என்கிறார், ஜன்னலை மங்கலாக்குகிறார்கள். எடுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் எண்ணிக்கை. வழக்கமாக 20, 30 கேள்விகளில் முடிவு தெரிந்துவிடும். ரேச்சல் என்ற பெண்ணுக்கு 100-க்கு மேல் தேவைப்பட்டன. காரணம், வேறொரு பெண்ணின் நினைவுகளை அவளுக்குள் பதித்திருக்கிறார்கள். தான் ரெப்ளிகன்ட் என்பது அவளுக்கே தெரியாது.

இந்த எண்ணிக்கையைப் புள்ளியியல் கண்ணோடு பாருங்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பாவை விரிவதை நம்ப முடியாது. களைப்பு, இமைப்பு, கவனச் சிதறல் எல்லாம் அதில் கலந்திருக்கும். பல கேள்விகளின் சராசரி எடுத்தால் அந்தக் கலப்படம் குறையும், ஆனால் மெதுவாகத்தான்: 4 மடங்கு கேள்வி கேட்டால் கலப்படம் பாதியாகும். திருப்பிச் சொன்னால், நாம் தேடும் வேறுபாடு பாதியாகச் சுருங்கினால் 4 மடங்கு கேள்வி வேண்டும். சராசரியாக 25 கேள்வி 100 ஆனது என்றால், மனிதருக்கும் ரேச்சலுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று பொருள். இன்னொரு முறை பாதியானால் 400 கேள்வி.

கேட்டுக்கொண்டே போனால் போதாதா? போதாது. அதிகக் கேள்விகள் அந்த ஒருவரின் அளவைத்தான் துல்லியமாக்கும். மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை அவை தொடவே தொடாது. வயது ஏறினால் பாவை சிறுக்கிறது. சில மருந்துகள் அதை மாற்றுகின்றன. உணர்ச்சி மந்தமாக வெளிப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள். மனிதர்களின் கீழ்வரிசையும் ரெப்ளிகன்ட்களின் மேல்வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால், இரு தரப்பையும் பிரிக்கும் கோடு எங்கே போட்டாலும் தவறான பக்கத்தில் யாராவது நிற்பார்கள். கோட்டின் தவறான பக்கத்தில் நிற்பவரைப் படத்தில் சுட்டுக் கொல்கிறார்கள். மூலக்கதையான பிலிப் கே. டிக்கின் நாவலிலேயே (1968) இந்த அச்சம் பேசப்படுகிறது. பொய் கண்டறியும் கருவியை இன்றும் கண்மூடி நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். உடல் பதறுவதை அளக்கலாம். பதறியது ஏன் என்பதை அந்த எண் சொல்லாது.

தமிழில் பாவை என்றால் கண்மணி, பாவை என்றால் பொம்மை. இந்தப் படத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. சில காட்சிகளில் ரெப்ளிகன்ட்களின் கண்கள் செம்பொன்னாக மின்னும். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் 45 பாகையில் சாய்த்து, லென்ஸின் பார்வைக் கோட்டிலேயே ஒளியை நடிகரின் கண்ணுக்குள் அனுப்பினார். விழித்திரையில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது; ஃபிளாஷ் புகைப்படத்தில் கண் சிவப்பாகத் தெரிவதும் இப்படித்தான். மின்னுவது நடிகரின் சொந்த விழித்திரை. ரெப்ளிகன்ட்டின் அடையாளமாக நாம் பார்ப்பது மனிதக் கண்ணின் இயல்பையே.

ஓரிடத்தில், ரேச்சலுக்குப் பின்னால் மங்கலாக நிற்கும் டெக்கார்டின் கண்ணும் அதேபோல் மின்னுகிறது. அந்தச் சோதனையை நீங்கள் எப்போதாவது செய்துகொண்டதுண்டா என்று அவள் அவரிடம் கேட்கிறாள். அவர் அதற்குள் தூங்கிவிட்டிருக்கிறார்.